0.89 யாருக்கு உண்மை? கிணற்று உப்பைக் கணிக்கும் மாதிரியை எந்த முறையில் சோதிப்பது

ராமநாதபுரம் கடலோரத்து நிலத்தடி நீரை வைத்து ஆய்வேடு எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. நெறியாளர் பத்து மடிப்புக் குறுக்குச் சரிபார்ப்பு போதும் என்கிறார். இதழின் மதிப்பாய்வாளர் கிணறு வாரியாகப் பிரித்துப் பார் என்று எழுதுகிறார். இன்னொருவர் வட்டாரம் வாரியாகப் பிரி என்கிறார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மதிப்பெண் தருகிறது. எதை ஆய்வேட்டில் போடுவது?

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. தொண்டி முதல் சாயல்குடி வரை 60 கிணறுகள். ஒவ்வொன்றிலும் மாதம் ஒருமுறை வீதம் ஓர் ஆண்டு, உப்பு கூடக்கூட உயரும் அளவான தண்ணீரின் மின்கடத்துத்திறன் அளக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 720 வரிசைகள். கணிக்க உதவும் தகவல்கள்: கடலிலிருந்து தூரம், கிணற்றின் ஆழம், தரைமட்ட உயரம், மண் வகை, முந்தைய மாதத்து மழை, அட்சரேகை, தீர்க்கரேகை. மாதிரி, பல முடிவு மரங்களின் கணிப்பைச் சராசரியாக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்று இருக்கட்டும். அது எதுவாக இருந்தாலும் வாதம் மாறாது.

அளவுகள் பரவிக் கிடக்கும் விதத்தையும் எளிமையாக வைத்துக்கொள்வோம். மொத்த மாறுபாட்டை 100 என்று எடுத்தால், 80 பங்கு கிணற்றுக்குக் கிணறு உள்ள வேறுபாடு. மீதி 20 பங்கு ஒரே கிணற்றுக்குள் மாதத்துக்கு மாதம் வரும் ஏற்ற இறக்கம். அந்த இருபதில் பாதி எல்லாக் கிணறுகளுக்கும் பொதுவான பருவ மாற்றம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். மீதிப் பாதி யாராலும் கணிக்க முடியாத இரைச்சல். மொத்தத் திட்டவிலக்கம் சென்டிமீட்டருக்கு 2000 மைக்ரோசீமன்ஸ்.

## முதலில் அளவுகோல்கள்

முறைகளை ஒன்றோடொன்று மோதவிடும் முன், எதை வைத்து எடைபோடுகிறோம் என்று தீர்மானித்துவிட வேண்டும். எனக்கு நான்கு கேள்விகள் போதும்.

மாதிரி யாருக்காகக் கணிக்கப் போகிறது என்பது முதல் கேள்வி. ஏற்கெனவே அளந்த கிணற்றின் அடுத்த மாத நிலையா, பக்கத்துத் தோட்டத்தில் இனி வெட்டப்போகும் கிணறா, இதுவரை யாரும் அளக்காத ஓர் ஊரா, மழை பொய்க்கும் அடுத்த ஆண்டா? நான்கும் வெவ்வேறு வேலைகள். ஒன்றில் கெட்டிக்கார மாதிரி மற்றொன்றில் ஒன்றுக்கும் உதவாமல் போகலாம்.

இரண்டாவது, சோதனைக்கென ஒதுக்கிய பங்கிலிருந்து பயிற்சிக்குத் தகவல் கசிகிறதா. மூன்றாவது, கிடைக்கும் மதிப்பெண்ணே எவ்வளவு ஆட்டம் காணும். நான்காவது, அதற்கு எவ்வளவு தரவும் அலைச்சலும் செலவாகும். இந்த நான்காவதை ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் பேசுவதே இல்லை. ஆனால் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது பல சமயம் அதுதான் தீர்ப்புச் சொல்கிறது.

## ஒரே தடவை பிரித்தல்

70 விழுக்காடு பயிற்சி, 30 விழுக்காடு சோதனை. சுருக்கமாக முடித்துவிடலாம். 720 வரிசைகளைக் கலைத்துப் பிரித்தால் அடுத்த பகுதியில் வரும் நோய் அப்படியே இதற்கும் உண்டு. 18 கிணறுகளை முழுதாக ஒதுக்கினால் கசிவு நிற்கும், ஆனால் எந்த 18 என்பதைப் பொறுத்து மதிப்பெண் தாறுமாறாக மாறும். மேலும், நல்ல எண் வரும்வரை, தரவு கலையும் விதத்தைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றிக்கொண்டே போகும் சபலம் இந்த முறையில்தான் அதிகம். கட்டுரையில் `random_state=42` என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டாம், அது வழக்கம். 1187 என்று இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

பல்லாயிரம் கிணறுகள் இருந்தால் இது போதும். அறுபதுக்குப் போதாது.

## வரிசைகளைக் கலைத்துப் பத்து மடிப்பு

இதுதான் எல்லோரும் முதலில் ஓட்டுவது. 720 வரிசைகளைக் கலைத்துப் பத்துப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஒருமுறை சோதனைக்கு வைத்து, மற்ற ஒன்பதில் மாதிரியைப் பயிற்றுவிப்பது.

தேவிபட்டினத்துக் கிணறு ஒன்றின் மே மாத வரிசை சோதனைக்கு வந்திருக்கிறது என்று கொள்வோம். அதே கிணற்றின் மற்ற 11 மாத வரிசைகள் எங்கே இருக்கும்? எல்லாமே அதே சோதனைப் பங்கில் விழுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 10-இன் 11-ஆவது அடுக்கில் ஒரு பங்கு. அதாவது நடக்கவே நடக்காது. சராசரியாகப் பத்து மாத அளவுகள் பயிற்சியில் இருக்கும். அந்தக் கிணற்றின் கடல் தூரம் 1.37 கிலோமீட்டர், ஆழம் 6.2 மீட்டர் என்றால், அந்தச் சேர்க்கை கொண்ட கிணறு வேறொன்று இல்லை. ஆக, மாதிரிக்குத் தூரமும் ஆழமும் கிணற்றின் கதவிலக்கம் போலத்தான். தூரத்துக்கும் உப்புக்கும் உள்ள தொடர்பை அது கற்க வேண்டிய அவசியமே இல்லை. கதவிலக்கத்தைப் பார்த்து அந்த வீட்டின் பழைய அளவைத் திருப்பிச் சொன்னால் போதும்.

இது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். நிலத்தடி நீரியல் ஒரு வரியும் தெரியாத ஒரு 'மாதிரி' இருக்கிறது. அந்தக் கிணற்றின் மற்ற மாதங்களின் சராசரியை மட்டும் அது சொல்லும். அதன் பிழை மாறுபாடு 20 × (1 + 1/11), ஏறக்குறைய 22. எனவே, மாறுபாட்டில் எவ்வளவு பங்கை மாதிரி விளக்குகிறது என்று சொல்லும் `R²` = 0.78. எல்லாக் கிணறுகளுக்கும் பொதுவான மாத சராசரியையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் 0.89 வரை போகும். கடல், மண், மழை எதையும் அறியாமலே 0.89!

அதே மாதிரியிடம் அளக்காத புதுக் கிணறு ஒன்றைக் கொடுங்கள். கிணற்றுச் சராசரி அதற்குத் தெரியாது. மாத சராசரி மட்டுமே கைவசம் இருப்பதால் `R²` 0.10-ஐத் தாண்டாது.

மிகைப்பொருத்தம் என்றால் பயிற்சி மதிப்பெண் உயர்ந்தும் சோதனை மதிப்பெண் தாழ்ந்தும் இருக்கும், அந்த இடைவெளியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பாடம் எடுக்கிறோம். இங்கே அந்த இடைவெளி கண்ணில் படாது. பயிற்சியில் 0.95, சோதனையில் 0.89 என்று எல்லாம் ஒழுங்காகத் தெரியும். சோதனையே பயிற்சியின் உறவுக்காரன் என்பதால், மாதிரி மனப்பாடம் செய்ததும் நல்ல மதிப்பெண்ணாகவே வெளிவருகிறது.

கண்டுபிடிக்க எளிய வழி மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது. கிணற்று எண்ணையும் மாதத்தையும் மட்டும் கொடுத்து ஒரு மாதிரி ஓட்டுங்கள். எல்லாத் தகவல்களும் கொண்ட உங்கள் மாதிரி அதைவிடக் குறிப்பிடும்படி முந்தவில்லை என்றால், நீங்கள் அளந்தது கிணற்றை அடையாளம் காணும் திறமையை மட்டும்தான்.

இந்த முறைக்கு நியாயமான இடமே இல்லையா? உண்டு. விட்டுப்போன மாத அளவுகளை, அதே 60 கிணறுகளுக்குள், அதே ஆண்டுக்குள் நிரப்பவேண்டும் என்றால் 0.89 நேர்மையான எண்தான். யாருக்கு உண்மை என்பதுதான் விஷயம்.

ஒரு சின்ன விபரீதமும் உண்டு. பைத்தானின் scikit-learn நூலகத்தில் `KFold(n_splits=10)` என்று மட்டும் எழுதினால் வரிசைகள் கலைக்கப்படுவதில்லை. `shuffle=True` என்று நாமாகச் சொல்ல வேண்டும். கோப்பு கிணறு வாரியாக அடுக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் 72 வரிசைகள், அதாவது சரியாக ஆறு முழுக் கிணறுகள். தெரியாமலே கிணறு வாரியான சோதனை நடந்துவிடும். அதே கோப்பு தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தால் தொடர்ச்சியான காலத் துண்டுகளாகப் பிரியும். 'பத்து மடிப்புக் குறுக்குச் சரிபார்ப்பு செய்தோம்' என்ற ஒரு வரியை வைத்து எது நடந்தது என்று வாசகரால் சொல்லவே முடியாது. இரண்டு ஆய்வாளர்கள் ஒரே தரவில், ஒரே நிரலில் இருவேறு முடிவுகளுக்கு வந்து முட்டிக்கொள்வதற்கு எக்செல் கோப்பை யார் எப்படி அடுக்கினார்கள் என்பதே காரணமாக இருக்கக்கூடும்.

## கிணறு வாரியாக மடிப்பு

ஒரு கிணற்றின் 12 மாதங்களும் ஒரே பக்கம் நிற்க வேண்டும்: முழுதும் பயிற்சியில், அல்லது முழுதும் சோதனையில். செய்வதற்குக் கூடுதல் வேலை எதுவும் இல்லை.

```python
from sklearn.model_selection import GroupKFold, cross_val_predict
cv = GroupKFold(n_splits=10)
pred = cross_val_predict(pipe, X, y, groups=well_id, cv=cv)
```

நம் உதாரணத்தில் தூரமும் ஆழமும் மண்ணும் சேர்ந்து, கிணற்றுக்குக் கிணறு உள்ள வேறுபாட்டில் பாதியை விளக்குகின்றன என்று வைத்துக்கொண்டால் 80-இல் 40. பொதுவான பருவ மாற்றம் 10. மொத்தம் 50. ஆக `R²` = 0.50.

இதைப் பார்த்ததும் ஆராய்ச்சி மாணவர் முகம் வாடிவிடும். ஆனால் 0.89, 0.50 என்ற எண்களை விட்டுவிட்டு மைக்ரோசீமன்ஸில் பாருங்கள். முன்னதில் வழக்கமான பிழை சுமார் 660, பின்னதில் சுமார் 1410. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தில், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2000 மில்லிகிராம். அதைத் தோராயமாக மின்கடத்துத்திறனாக மாற்றினால் 3100. புதுக் கிணற்றுக்கு மாதிரி 2000 மைக்ரோசீமன்ஸ் என்று கணிக்கிறது. பிழை 660 என்று நம்பினால் எல்லை மீற இருபதில் ஒரு வாய்ப்பு. தைரியமாக வெட்டச் சொல்லிவிடலாம். பிழை 1410 என்றால் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். கிணறு வெட்டுகிறவர் கடன் வாங்கி வெட்டுகிறார். இரண்டும் ஒரே ஆலோசனை அல்ல.

மறைந்த செலவுகள் இரண்டு. ஒன்று, 720 வரிசை என்று பெருமையாகச் சொன்ன தரவு உண்மையில் 60 சுயேச்சையான அலகுகள்தான் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். மடிப்புக்கு ஆறு கிணறு. அதில் வாலிநோக்கத்து உப்பளங்களை ஒட்டிய கிணறு ஒன்று விழுந்தால் அந்த மடிப்பின் மதிப்பெண் சரிந்துவிடும். கடலிலிருந்து தூரம் அங்கே பொய் சொல்லும். அதனால்தான் மடிப்புக்கு ஒரு `R²` கணக்கிட்டுச் சராசரி எடுக்காமல், மேலே `cross_val_predict` கொண்டு எல்லாக் கணிப்புகளையும் சேர்த்து ஒரே பிழையாகக் கணக்கிடச் சொல்கிறேன்.

இரண்டாவது செலவு நுட்பமானது. சோதனைக் கிணற்றின் நவம்பரை மாதிரி பார்க்கவில்லை, சரி. ஆனால் மற்ற 54 கிணறுகளின் அதே நவம்பரைப் பார்த்திருக்கிறது. அந்த ஆண்டு மழை எப்படிப் பெய்தது என்பது அதற்குத் தெரியும். ஆகவே 0.50 என்பது 'இதே ஆண்டில், புதிய கிணற்றுக்கு' உண்மை. அடுத்த ஆண்டுக்கு அது வாக்குறுதி அல்ல.

## வட்டாரம் வாரியாக மடிப்பு

பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் பெரும்பாலும் ஒரே மண்ணில், ஒரே நீர்தாங்கியில் இருக்கின்றன. ஏர்வாடியில் இருநூறு மீட்டர் தள்ளியுள்ள கிணறு பயிற்சியில் இருந்தால், கிணறு வாரியாகப் பிரித்தாலும் பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதும் சலுகை மாதிரிக்கு உண்டு. அதை அடைக்கவே கடலோரத்தைத் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம் தீவு, கீழக்கரை–ஏர்வாடி, சாயல்குடி என்று ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுதாக வெளியே நிறுத்திச் சோதிக்கிறார்கள்.

இது வெறும் கோட்பாட்டுக் கவலை அல்ல. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் மரத்திரள் எடையைச் செயற்கைக்கோள் தகவல்களிலிருந்து கணிக்கும் மாதிரியை ஒரு குழு இரண்டு விதமாகவும் சோதித்து 2020-இல் வெளியிட்டது. கலைத்துப் போட்ட சோதனையில் மாறுபாட்டின் பாதிக்கு மேல், `R²` 0.53. இடைவெளி விட்டு வட்டாரமாகப் பிரித்ததும் அது ஏறக்குறைய பூச்சியம்.

ஆனால் இந்த முறையின் பக்தர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. ராமேசுவரம் தீவை வெளியே நிறுத்திப் பாருங்கள். நிலப்பகுதிக் கிணறுகளிலிருந்து மாதிரி கற்றது: கடலுக்கு அருகே என்றால் உப்பு. தீவிலோ மணல்மேடுகளுக்குள் இறங்கிய மழைநீர், கனமான கடல்நீரின் மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. கடலலைக்குப் பக்கத்திலேயே மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். தங்கச்சிமடத்து வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருந்தும் நன்னீர் தருகிறது. மாதிரி அத்தனைக்கும் உப்பு என்றே சொல்லும். `R²` எதிர்மறைக்குப் போகும். அதாவது எல்லாவற்றுக்கும் ஒரே சராசரியைச் சொல்லியிருந்தால்கூட இதைவிட மேலாக இருந்திருக்கும்.

அந்த எதிர்மறை எண் நேர்மையானதா? தீவில் ஒரு கிணறுகூட அளக்காமல் தீவுக்கு வரைபடம் போடப்போகிறீர்கள் என்றால் ஆம். தீவில் பத்துக் கிணறு அளந்து பயிற்சியில் சேர்த்த பிறகு, தீவின் பதினொன்றாவது கிணற்றுக்குக் கணிக்கப்போகிறீர்கள் என்றால் அது வீண் அவநம்பிக்கை. 2021-இல் வேறொரு குழு இதையே எடுத்துக்காட்டியது: வரைபடத்தின் துல்லியத்தை அளக்க வட்டார மடிப்பு சரியான கருவி அல்ல, அது பிழையை ஊதிக் காட்டுகிறது, மாதிரிப்புள்ளிகள் கொத்துக்கொத்தாக இருந்தால் கலைத்துப் போடும் முறையும் தவறு, நிகழ்தகவு முறையில் குலுக்கல் போட்டு எடுத்த புதிய புள்ளிகளே சரி. எனக்கு இந்த வாதத்தில் உடன்பாடு அதிகம். மிகையான மதிப்பெண் பொய் என்றால், வேண்டுமென்றே கடினமாக்கப்பட்ட மதிப்பெண்ணும் முழு உண்மை ஆகாது.

வட்டாரத்தின் அளவு என்ன என்பதும் வழுக்கலான கேள்வி. உப்புத்தன்மை எத்தனை தூரம்வரை ஒத்துப்போகிறது என்று முதலில் வேரியோகிராம் வரைந்து பார்க்க வேண்டும். ராமேசுவரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் அடுத்தடுத்து இருந்தும் ஒவ்வொன்றின் சுவை வேறு என்பார்கள். அப்படிப்பட்ட மணற்பாங்கான இடத்தில் ஒற்றுமை சில நூறு மீட்டரிலேயே தீர்ந்துபோகலாம். இருபது கிலோமீட்டர் வட்டாரம் வைப்பது அங்கே தேவையற்ற தண்டனை. ஆறே மடிப்பு என்பதால் மதிப்பெண்ணின் ஆட்டமும் அதிகம்.

## காலம் வாரியாக

முந்தைய ஆண்டுகளில் பயிற்றுவித்து, பிந்தைய ஆண்டில் சோதிப்பது. 'இதே கிணறுகள், வரும் கோடையில்' என்ற கேள்விக்கு இதுவே பொருத்தம். நம் உதாரணத்துத் தரவுக்கு இது கைகொடுக்காது. 12 மாதத்தில் இருப்பது ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை. ஜனவரி முதல் ஒன்பது மாதம் பயிற்சி, மீதி மூன்று மாதம் சோதனை என்று பிரித்தால், மழைக்காலத்தையே பார்க்காத மாதிரியை மழைக்காலத்தில் சோதித்ததாகும். குறைந்தது நல்ல மழை, மோசமான மழை இரண்டும் கண்ட சில ஆண்டுகள் வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்மட்டம் அளப்பது ஆண்டுக்கு நான்கு முறைதான். ஆனால் பல ஆண்டுகளாக அளக்கிறது. இந்தக் கேள்விக்கு அடர்த்தியான ஓராண்டைவிட மெலிந்த பல ஆண்டுகளே மேல்.

கவனிக்க வேண்டிய கசிவு ஒன்று. கோடையில் கிணறு வற்றிப்போய் மே மாத அளவு இல்லை. ஏப்ரலையும் ஜூனையும் கூட்டிப் பாதியாக்கி நிரப்பிவிடுகிறார்கள். அந்த மே வரிசை பயிற்சியில் இருந்து, ஜூன் சோதனையில் இருந்தால், விடையின் பாதி ஏற்கெனவே மாதிரியின் கையில். போதாததற்கு, வற்றிய மாதமே உப்பு உச்சத்தில் இருக்கும் மாதம். நிரப்பிய எண் அதை மழுப்பிவிடுகிறது.

## எந்த முறைக்கும் உள்ளே புகும் கசிவு

மடிப்பை எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும், பிரிப்பதற்கு முன்பே விடையைப் பார்த்து எதையாவது தேர்ந்தெடுத்திருந்தால் எல்லாம் பாழ். செயற்கைக்கோள் படங்களிலிருந்து நூற்றுக்கணக்கான குறியீடுகளை எடுத்து, உப்போடு நன்றாக ஒத்துப்போகும் பத்தை 60 கிணறுகளையும் வைத்துத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகு மடிப்புக்குப் போகிறார்கள். தேர்வு செய்தபோதே சோதனைக் கிணறுகள் வாக்களித்துவிட்டன.

இதன் வீரியத்தைக் காட்டப் புள்ளியியல் பாடநூல்களில் வழங்கும் ஓர் உருவகச் சோதனை உண்டு. 50 நேர்வுகள், இரண்டு சம வகுப்புகள், வகுப்போடு சம்பந்தமே இல்லாத 5000 குருட்டு எண்கள். உண்மையான பிழை 50 விழுக்காடு; காசு சுண்டுவதற்குச் சமம். முதலில் மொத்தத் தரவிலும் நன்றாக ஒத்துப்போகும் 100 எண்களைப் பொறுக்கிவிட்டுப் பிறகு குறுக்குச் சரிபார்ப்பு செய்தால், பிழை சராசரியாக 3 விழுக்காடு என்று வருகிறது. ஒன்றுமில்லாததிலிருந்து 97 விழுக்காடு துல்லியம்.

தீர்வு: தேர்வு, அளவு சீராக்கல், விட்டுப்போனதை நிரப்புதல் எல்லாம் ஒவ்வொரு மடிப்பின் பயிற்சிப் பங்குக்குள் மட்டும் நடக்க வேண்டும். மேலே உள்ள நிரலில், இந்தப் படிகளையும் மாதிரியையும் ஒரே சங்கிலியாகக் கோர்த்த `pipe` இருப்பது அதற்காகத்தான்.

மர எண்ணிக்கை, கிளை ஆழம் போன்ற அமைப்புகளைத் தேடி, அதில் கிடைத்த மிகச் சிறந்த மதிப்பெண்ணையே அறிக்கையிடுவதும் இதே சாதி. நூறு அமைப்புகளில் முதலிடம் பெற்றதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். உள் மடிப்பில் தேடி, வெளி மடிப்பில் அளக்கும் இரட்டை அடுக்குச் சரிபார்ப்பு அதைச் சரிசெய்யும். ரேண்டம் ஃபாரஸ்டுக்கு இது பெரிய வேறுபாட்டைத் தராது. அமைப்புகளுக்கு ஏற்பத் துள்ளும் மாதிரிகளுக்குத் தரும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| முறை | விடை தரும் கேள்வி | மறைந்த செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|
| ஒரே பிரிப்பு | பிரித்த விதத்தைப் பொறுத்தது | எந்தக் கிணறு விழுந்தது என்பதில் அதிர்ஷ்டம் | மிகப் பெரிய தரவு |
| வரிசை கலைத்து மடிப்பு | அதே கிணறு, அதே ஆண்டு, விட்டுப்போன மாதம் | மனப்பாடம் திறமையாகத் தெரியும் | இடைவெளி நிரப்ப மட்டும் |
| கிணறு வாரி | அளந்த பகுதிக்குள் புதுக் கிணறு | ஆண்டின் மழை கசியும். அலகு 60 தான் | பெரும்பாலான ஆய்வேடுகள் |
| வட்டார வாரி | அளக்காத ஊர் | வீண் அவநம்பிக்கை. மடிப்பு குறைவு | வரைபடத்தை வெளியே நீட்டும்போது |
| கால வாரி | வரும் ஆண்டு | பல ஆண்டுத் தரவு | முன்னறிவிப்பு |
| குலுக்கல் எடுத்த புதுக் கிணறுகள் | மொத்தப் பகுதியின் சராசரிப் பிழை | களப்பயணம் | அளவை மலிவாக இருக்கும்போது |

## பட்டியலின் கடைசி வரி

நான் இங்கே சற்றுப் பக்கச்சார்பு காட்டப்போகிறேன். கடலோரக் கிணற்று உப்பு என்ற இந்தக் குறிப்பிட்ட பிரச்சினைக்கு, மடிப்பு முறைகளைப் பற்றிச் சண்டை போடுவதைவிட வெளியே போய் அளப்பது எளிது. மின்கடத்து மானி கையடக்கமானது. வாளியில் இறைத்து முனையை நனைத்தால் சில நிமிடங்களில் எண் வந்துவிடும். காட்டு மரங்களை எடைபோடுகிறவருக்கோ புற்றுநோய்த் திசுக்களைச் சேகரிக்கிறவருக்கோ இந்த வசதி இல்லை. அவர்களுக்குக் குறுக்குச் சரிபார்ப்பைத் தவிர வேறு கதி இல்லை. நமக்கு இருக்கிறது.

நிபந்தனை ஒன்றுதான்: பஸ் போகும் சாலையோரக் கிணறுகளை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. முதல் 60 கிணறுகளும் பெரும்பாலும் அப்படித்தான் தேர்வாகியிருக்கும். வரைபடத்தில் குலுக்கல் முறையில் புள்ளிகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மிக அருகில் உள்ள கிணற்றுக்கு, உடைமரக் காட்டுக்குள் நடந்தாவது, போய்ச் சேர வேண்டும். மாதிரியின் கணிப்புகளைப் புறப்படும் முன்பே எழுதி ஒரு பிரதியை நெறியாளரிடம் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வந்தபின் கை அரிக்காமல் இருக்க அது உதவும்.

எத்தனை கிணறு? 25 இருந்தால் பிழையின் மதிப்பீடு ஏறக்குறைய 28 விழுக்காடு மேலும் கீழும் ஆடும். உண்மைப் பிழை 1410 என்றால் களத்தில் 1000 முதல் 1800 வரை ஏதோ ஓர் எண் கிடைக்கும். 1410-ஐத் துல்லியமாகப் பிடிக்க அது போதாது. ஆனால் 660 என்ற கூற்றைக் கவிழ்க்கத் தாராளமாகப் போதும்.

## பிறர் கட்டுரையைப் படிக்கும்போது

2023-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 17 துறைகளில் 290-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் தரவுக் கசிவால் பாதிக்கப்பட்டதைப் பட்டியலிட்டது. மருத்துவம் முதல் அரசியல் வன்முறையைக் கணிப்பது வரை. யாரும் திட்டமிட்டு ஏமாற்றியதாகச் சொல்ல வேண்டியதில்லை. மென்பொருளின் இயல்பான வழி கசிவு வழியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முடிவுரையை விட்டுவிட்டு நேராக முறையியல் பகுதிக்குப் போங்கள். அளவுகளின் எண்ணிக்கையும் கிணறுகளின் எண்ணிக்கையும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றனவா? '1500 நீர் மாதிரிகள்' என்று மட்டும் இருந்து, வரைபடத்தில் எண்ணினால் 40 புள்ளிகள்தான் என்றால், அந்த 1500 எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். மாறிகளைத் தேர்ந்தெடுத்த பத்தி, தரவைப் பிரித்த பத்திக்கு முன்னால் வருகிறதா? சாதாரணச் சராசரியோடோ நேர்கோட்டுச் சமன்பாட்டோடோ ஒப்பீடு உண்டா? அட்சரேகையும் தீர்க்கரேகையும் முக்கிய மாறிகள் பட்டியலில் முதலிடத்தில் நிற்கின்றனவா? நின்றால் கதவிலக்கக் கதையாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

உங்கள் ஆய்வேட்டுக்கு வருவோம். அளந்த பகுதிக்குள் புதுக் கிணறு பற்றிச் சொல்லப்போகிறீர்கள் என்றால் கிணறு வாரியான 0.50-ஐச் சுருக்கத்தில் போடுங்கள். தீவுக்கும் வரைபடம் நீட்டியிருந்தால், வட்டார வாரியான எண்ணை அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாகக் குறிப்பிடுங்கள். அடுத்த ஆண்டைப் பற்றி ஓர் வரியும் எழுதாதீர்கள். அதற்குத் தரவு இல்லை. நெறியாளர் 0.89-ஐ விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் அதையும் அட்டவணையில் சேர்த்துவிடலாம், 'அதே கிணறுகளில் விட்டுப்போன மாதங்களுக்கு' என்ற தலைப்பின் கீழ்.